பச்சையா சிவப்பா என்று சொல்ல ஒருவர்

தீபாவளி முறுக்குப் பெட்டி திங்கட்கிழமை காலையில் சிவப்பாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் பச்சையானது. நிறம் எதுவானாலும் பரவாயில்லை, பின்பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணெய் தப்பு என்று சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. மூன்று செய்தியையும் அனுப்பியது ஒரே கம்பெனி.

அவற்றைப் படித்துக்கொண்டிருந்த ஷர்மிளா நாச்சாரத்தில் ஒரு அட்டைப்பெட்டி அச்சகத்தில் வேலை பார்ப்பவள். வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொண்டு மெஷின்காரர்களுக்குச் சொல்வதுதான் அவள் வேலை. கேட்பவர் ஒருவராக இருக்கும்வரை அது நல்ல வேலைதான். போவன்பள்ளியில் இருக்கும் இந்த முறுக்குக் கம்பெனியில் கேட்பவர்கள் மூன்று பேர். முதலாளி சந்திரசேகரனின் மகன் ஸ்ரீகாந்த் விளம்பரம் பார்க்கிறான். அவனுக்குச் சிவப்பு வேண்டும். முதலாளியின் மச்சினர் விஸ்வநாத் கொள்முதல் பார்க்கிறார். போன வருஷத்துப் பச்சைப் பைகள் கிடங்கில் கிடப்பதால் பெட்டியும் பச்சையாக இருக்க வேண்டும், போன வருஷ அச்சுத் தகடுகளையே போட்டு அடித்துவிடலாம் என்கிறார். தரம் பார்க்கும் ஃபாத்திமா குடும்பத்தில் சேர்த்தி இல்லை. கடலை எண்ணெயிலிருந்து தவிட்டு எண்ணெய்க்கு மாறியாகிவிட்டது, பெட்டியில் இன்னும் கடலை எண்ணெய் என்று போட்டால் ஜெயிலுக்குப் போகப்போவது யார் என்று அவர் கேட்டிருந்தார்.

உகாதிக்கு இப்படித்தான் ஸ்ரீகாந்த் சொன்னதைக் கேட்டு அடித்து, விஸ்வநாத் திருப்பி அனுப்பி, அத்தனை பெட்டியும் பழைய காகிதக்காரன் வண்டியில் ஏறியது. அன்று அச்சக முதலாளி அனந்தகிருஷ்ணன் ஷர்மிளாவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த வாடிக்கையாளர் உன்னோடு வேலை பார்க்கும் மோகனுக்குப் போய்விடுவார் என்றார். கத்தவில்லை. அவர் கத்தினால் மறந்துவிடுவார். மெதுவாகச் சொன்னால் செய்துவிடுவார். இந்தக் கம்பெனியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்ததே ஷர்மிளாதான். அச்சகத்தின் பெரிய வேலைகளில் அவள் பேர் சொல்ல இருந்தது அது ஒன்றுதான். மோகன் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, முறுக்குக் கம்பெனியின் வாட்ஸாப் குழுவில் தினமும் காலை வணக்கம் போட ஆரம்பித்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மெஷின் இந்த வேலைக்கு ஒதுக்கியிருந்தது. வியாழக்கிழமை தகடு போட வேண்டும். அதற்கு முன்னால் யாராவது ஒருவர் டிசைனை ஒப்புக்கொண்டாக வேண்டும். மெஷின் ஓட்டும் டேனியல், லாலாகூடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் உருதுவும் கலந்த அவர் பாஷையில் விஷயத்தைச் சுருக்கிச் சொன்னார்.

"மூணு பேர் சொல்றத மூணு கலர்ல அடிக்கலாம்மா, மெஷினுக்கு என்ன. அப்புறம் என்கிட்ட வந்து ஏன் எதுக்கு கைக்குன்னு கேக்க நக்கோ, கேக்கவே கூடாது."

அன்று சாயங்காலமே ஷர்மிளா மின்னஞ்சல் எழுதினாள். அந்த மூன்று பேருக்கும் எழுதவில்லை. அவர்களில் யாரைக் கேட்டாலும் தன் பேரைத்தான் சொல்வார்கள். நேரே சந்திரசேகரனுக்கு எழுதினாள். உங்கள் தரப்பில் ஒருவரைப் பேர் சொல்லிக் குறித்துக் கொடுங்கள்; அவர் மின்னஞ்சலில் சொல்வதை மட்டும் செய்வோம்; மற்றவர்களுக்கு ஏதாவது வேண்டுமானால் அவர் மூலமாக வரட்டும்; அவர் லீவு போட்டால் யார் என்பதையும் சொல்லிவிடுங்கள்; அதுவரை தகடு போட மாட்டோம். இவ்வளவுதான். அனந்தகிருஷ்ணன் அதைப் படித்துவிட்டு, இது கேட்பது மாதிரி இல்லை, புத்தி சொல்வது மாதிரி இருக்கிறது என்றார். உங்கள் வேலை தாமதமாகக் கூடாதே என்றுதான் கேட்கிறோம் என்று ஒரு வரியைத் தலையில் சேர்த்து அனுப்பச் சொன்னார்.

பதில் உடனே வந்தது. சந்திரசேகரன் மிகவும் சந்தோஷப்பட்டிருந்தார். நல்ல யோசனை, இனிமேல் நானே அந்த ஒருவர் என்று எழுதியிருந்தார். ஷர்மிளா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை சந்திரசேகரனிடமிருந்து மின்னஞ்சல்: சிவப்பு. ஒரு மணி நேரம் கழித்துச் சந்திரசேகரனிடமிருந்து மின்னஞ்சல்: பச்சை, பழைய தகடு. அப்புறம் சந்திரசேகரனிடமிருந்து மின்னஞ்சல்: எண்ணெய் மாற்றவும், ஆகையால் பழைய தகடு வேண்டாம். எல்லாவற்றின் அடியிலும் அன்புடன் சந்திரசேகரன் என்றிருந்தது. ஆள் ஒன்றாகிவிட்டது. பேச்சு மட்டும் மூன்றாகவே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. உகாதிச் சண்டையில் ஸ்ரீகாந்தும் விஸ்வநாத்தும் ஆளுக்கொரு பக்கம் நின்று, முதலாளி சம்மதித்துவிட்டார் என்று சத்தியம் செய்தார்கள். இருவரில் ஒருவர் புளுகுகிறார் என்று அவள் அன்று நினைத்தாள். ஒருவரும் புளுகவில்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் அந்த மனிதர் "செஞ்சிடலாம்" என்பார். மகனுக்கும் செஞ்சிடலாம், மச்சினருக்கும் செஞ்சிடலாம். இருபது வருஷமாக அந்தக் கம்பெனியும் அந்த வீடும் அப்படித்தான் சண்டை இல்லாமல் நடந்தன. சண்டை முழுவதும் வெளியே, அச்சகத்திலும் அட்டைக் கடையிலும் லாரி ஆபீஸிலும் நடந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை அவள் போவன்பள்ளிக்குப் போனாள். மார்க்கெட்டுக்குப் போன தக்காளி வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, சந்திரசேகரன் அவளை உட்காரவைத்து, முதலில் ஒரு தட்டில் சீடை வைத்தார். வந்த விஷயத்தைச் சொல்லத் தைரியம் வருவதற்குள் பாதித் தட்டு காலியாகிவிட்டது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஒருத்தர் நீங்களா இருக்க வேண்டாம்."

முதலாளியிடம் நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் ஒரு போன் போட்டால் போதும், மோகன் நாற்காலியைக்கூட நகர்த்தாமல் இந்த வேலையை எடுத்துக்கொள்வான். சந்திரசேகரன் கோபப்படவில்லை. பின்னே யாரைச் சொல்வது, மகனைச் சொன்னால் மச்சினர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், மச்சினரைச் சொன்னால் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன் என்பான் என்று மெதுவாகத் தன் கஷ்டத்தைச் சொன்னார்.

"உங்ககிட்ட முடியாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா சார்? அவங்க பேரைச் சொல்லுங்க."

அவர் சீடைத் தட்டை ஒரு விரலால் நகர்த்தி வைத்தார். பிறகு, ஃபாத்திமா என்றார். ஒரு தடவை ஐந்நூறு கிலோ முறுக்கு காறல் வாசம் அடிக்கிறது என்று அனுப்ப மறுத்துவிட்டாராம். இவர் போய் நின்றும் மறுத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பயம் கலந்த பெருமை இருந்தது. அங்கேயே, ஷர்மிளா முன்னாலேயே, ஃபாத்திமாவின் பேரைப் போட்டு எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்.

ஃபாத்திமா ஆம்பூர்க்காரர், நாற்பது வயது, பேச்சில் சிக்கனம். அன்று மாலையே முடிவு வந்துவிட்டது. எண்ணெய் மாறியதால் தகடு எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும். பச்சைப் பை கிடங்கில் இருப்பதால் நிறம் பச்சை. விஸ்வநாத்துக்குப் பழைய தகடு போயிற்று, ஸ்ரீகாந்துக்குச் சிவப்பு போயிற்று. இரண்டு பேரும் ஷர்மிளாவுக்குத் தனித்தனியே போன் செய்து, இது நமக்குள் இருக்கட்டும் என்று ஆரம்பித்தார்கள். இரண்டு பேரிடமும், ஃபாத்திமா மேடத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், அவர் சொன்னால் உடனே மாற்றுகிறேன் என்றாள். அப்படிச் சொல்லச் சொல்ல நாக்குக்கே ஒரு ருசி வந்தது.

வியாழக்கிழமை காலை, தகடு போடுவதற்குச் சற்று முன்பு, சந்திரசேகரனே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். வீட்டில் அவர் மனைவி லலிதா, முறுக்கின் பக்குவம் தன்னுடையதுதானே, பெட்டியில் ஒரு ஓரமாகத் தன் பேரைப் போடக்கூடாதா என்று கேட்டாராம். இவர் என்ன சொன்னார் என்று ஷர்மிளா கேட்கவே இல்லை. எண்ணெய் விவரத்துக்கே பின்பக்கம் போதவில்லை. ஃபாத்திமாவிடம் கேளுங்கள் சார் என்றாள்.

"அந்தம்மா முடியாதும்பாங்களே."

"அப்ப, ஃபாத்திமா முடியாதுன்னுட்டாங்கன்னு வீட்ல சொல்லுங்க சார்."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைப் பார்த்தாள்.

"அப்படிச் சொல்லலாமா?" என்றார் சந்திரசேகரன். அறுபது வயதில் நீச்சல் தெரிந்துவிட்ட மனிதரின் குரலாக இருந்தது அது.

வெள்ளிக்கிழமை முதல் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஃபாத்திமா நாச்சாரத்துக்கு வந்தார். மொத்தமாக ஓட்டுவதற்கு முன்னால் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்து ஒப்புக்கொள்வது வழக்கம். உகாதிக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டது ஸ்ரீகாந்த். ஃபாத்திமா தாளை விளக்கடியில் விரித்து, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, எண்ணெய் வரியில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். பச்சை கொஞ்சம் மஞ்சளடிக்கிறது என்றார். டேனியல் மறுபேச்சு இல்லாமல் மையைத் திருத்தினார். இன்னொரு தாள் வந்தது. ஃபாத்திமா கையெழுத்துப் போட்டார். மெஷின் ஓடத் தொடங்கியது. அனந்தகிருஷ்ணன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, மெஷினைப் பார்த்து, ஷர்மிளாவைப் பார்த்து, மெதுவாக எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனார். மோகன் வாட்ஸாப் குழுவிலிருந்து விலகியிருந்தான்.

மத்தியானமாகிவிட்டது. இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள் ஷர்மிளா. ஃபாத்திமா பையிலிருந்து டப்பாவை எடுத்தார். நேற்று ஆபீஸுக்குக் கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன் என்றார், எண்ணெய் பற்றிப் பேசிய அதே குரலில்.

"ஏன் மேடம்?"

"என் டேபிள்ல யாரும் உக்காரல. விஸ்வநாத் சார் எழுந்து போயிட்டாரு. லலிதாம்மா பொங்கலுக்குப் பொங்கல் புடவை குடுப்பாங்க, நேத்து என்னைப் பாத்துட்டு கார் கண்ணாடிய ஏத்திக்கிட்டாங்க. சார் மட்டும்தான் சிரிக்கிறாரு. எதுக்கெடுத்தாலும் இப்ப ஃபாத்திமாவக் கேளுங்கன்றாரு. வாட்ச்மேன் லீவுகூட என்கிட்டதான் வருது."

மூன்று நாளாக ஷர்மிளா தன் வேலை, தன் பேர், தன் மேசை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது அந்தப் பேருக்குச் சொந்தமாக ஒரு ஆள் இருக்கும், அந்த ஆள் மத்தியானம் யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. தன் டப்பாவைத் திறந்து, இருந்த உருளைக்கிழங்கில் முக்கால்வாசியை அவர் பக்கம் தள்ளினாள்.

ஃபாத்திமா ஒரு துண்டை எடுத்துத் தின்றுவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"பொங்கல் பெட்டிக்கு எனக்குப் பதிலா வேற யார் பேரையாவது குடுக்கச் சொல்றியாம்மா? நீ சொன்னா சார் கேப்பாரு."

சொல்லிவிடலாம். ஒரு மின்னஞ்சல் போதும். பொங்கல் பெட்டி பாதி சிவப்பாகவும் பாதி பச்சையாகவும் அவள் கண் முன்னால் வந்து நின்றது. "செஞ்சிடலாம்க்கா" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான வார்த்தை அது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"முடியாதுக்கா," என்றாள்.

ஃபாத்திமா மிச்சமிருந்த உருளைக்கிழங்கையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.