எட்டாம் அறையின் கறுப்பு

அய்யம்மாள் கண்ணை மூடியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மகள் மாரிசெல்வியின் கையில் கொடுத்தாள். முகம் வியர்த்திருந்தது. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி, என்னக்கா பேயைப் பார்த்தது மாதிரி நிக்கீக என்று கேட்டுச் சிரித்தாள். அய்யம்மாள் சிரிக்கவில்லை.

"இருட்டுக்குள்ள பஞ்சு நிக்கா," என்றாள். "மேல ஏழுன்னு எழுதியிருக்கு."

அதோடு பயிற்சி நின்றுபோனது. வரிசையில் இருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பாட்டுக் கொட்டகைப் பக்கம் நகர்ந்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஏழு என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நாரணாபுரத்துக்கு அப்பால் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைகள் ஒரே வரிசையில் தள்ளித் தள்ளி நிற்கின்றன. சில வருடங்களுக்கு முன் ஏழாம் அறை வெடித்தது. அதில் போனவள் பஞ்சம்மாள், அய்யம்மாளின் தங்கை, மாரிசெல்விக்குச் சித்தி. அறையை அதே அஸ்திவாரத்தின் மேல் மறுபடி கட்டினார்கள். ஆனால் கதவில் ஏழு என்று எழுதவில்லை. வெடித்த அறையின் எண்ணை அந்தப் பக்கத்தில் யாரும் எழுத மாட்டார்கள். ஆறுக்கு அடுத்து எட்டு என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அய்யம்மாள் இப்போது அந்த எட்டில்தான் வேலை பார்க்கிறாள்.

மாரிசெல்வி சிவகாசியில், ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியில் இருக்கும் சின்ன கம்பெனியில் கிராஃபிக்ஸ் புரோகிராமர். தீப்பொறி கண்டால் மருந்துத் தட்டைக் கீழே போட்டுவிட்டு எந்தக் கதவு வழியாக ஓடவேண்டும் என்று பழக்கும் இந்தப் பயிற்சியை அவளும் கதிரவனும்தான் செய்தார்கள். அவன் உருவங்களைச் செய்வான். அவற்றைத் திரையில் வரைய வைப்பது அவள் வேலை. ஹெட்செட்டைப் போட்டால் அவரவர் வேலை பார்க்கும் அறைக்குள்ளேயே நிற்பது போல இருக்கவேண்டும். அம்மாவுக்கு மட்டும் அறை முழுக்கக் கறுப்பு.

மறுநாள் காலை வீட்டில் அய்யம்மாள் கம்பெனிக்குப் போகும் புடவையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். பயிற்சிக்காக மூடியிருந்த கம்பெனி திங்கட்கிழமை திறக்கிறது, தான் போகப்போவதில்லை என்றாள். பஞ்சு வரவேண்டாம் என்று சொல்கிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

மாரிசெல்வி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது இதைத்தான். அழுதும் சண்டை போட்டும் நடக்காதது, தன் புரோகிராமில் வந்த ஒரு கோளாறில் நடந்திருக்கிறது. கோளாறுதானா என்ற எண்ணம் பஸ்ஸில் வரும்போது ஒருமுறை வந்தது. அதை நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

ஆபீஸில் கதிரவன் டீயோடு காத்திருந்தான். ஃபோர்மேன் ராஜபாண்டியன் ஏற்கெனவே இரண்டு தடவை போன் செய்துவிட்டாராம்.

"உன் சிஸ்டத்துக்கு வேப்பிலை அடிக்கணுமாம், ஃபோர்மேன் சொல்லுதாரு," என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் டீயை நகர்த்தி வைத்தான். சித்தியைப் பற்றி அவள் அவனிடம் சொன்னதே இல்லை.

அவள் பயிற்சியை ஓட்டி, எட்டாம் அறைக்குள் போனாள். அம்மா பார்த்ததேதான். சுவர், தரை, தட்டு எல்லாம் கறுப்பு. திறந்திருந்த கதவுகள் மட்டும் வெள்ளைக் கட்டங்களாக மிதந்தன. ஒரு கதவை மறைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். முகம் இல்லை, கண் இல்லை, வெறும் நிழல். இடுப்பில் கை ஊன்றி, தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள். சித்தி அப்படித்தான் நிற்பாள். மேலே ‘அறை 7’ என்று தெளிவாக இருந்தது.

அது கதிரவன் செய்து வைத்த சக தொழிலாளி உருவம் என்று மாரிசெல்விக்குத் தெரியும். எல்லா அறையிலும் அதே உருவம்தான் நிற்கிறது. தெரிந்தும் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

பிறகு, ஓடும் படத்தில் ஒரு ஃப்ரேமைப் பிடித்து வைத்துக் கோளாறு தேட உதவும் டீபக்கரைத் திறந்து, அதன் வழியாகவே பயிற்சியை மறுபடி ஓட்டினாள். கறுப்பு வந்த கணத்தில் விசையை அழுத்தினாள். திரையில் வந்த அந்த ஒரே ஒரு படம், அது உருவான ஒவ்வொரு கட்டளையோடும் கோப்பில் விழுந்தது. இனி அது நகராது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இடப்பக்கம் கட்டளைகள் வரிசையாக நின்றன. அவளுடைய முறையில் படம் ஒரே மூச்சில் வரையப்படுவதில்லை. முதல் பாஸில், அதாவது முதல் சுற்றில், வெளிச்சம் இல்லாமல், ஒவ்வொரு புள்ளியின் நிறமும் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் எந்த அறையைச் சேர்ந்தது என்பதும் தனித்தனி படங்களாக எழுதப்படும். இரண்டாவது பாஸ் அவற்றைப் படித்து, அந்த அறைக்குரிய வெளிச்சத்தால் நிறத்தைப் பெருக்கும். அதன் பிறகுதான் வெளிமுற்றமும், கடைசியாக மேலே வரும் எழுத்தும்.

முதல் பாஸைத் திறந்தாள். சுண்ணாம்புச் சுவர், ரப்பர் விரிப்பு, பச்சைப் புடவை கட்டிய பெண். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த பாஸைத் தொட்டாள். அறை அணைந்துபோனது.

ரொம்ப மங்கலாக ஏதாவது இருக்கலாம் என்று, படம் காட்டும் அளவுகோலைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். ஒன்றும் எழவில்லை. மங்கல் இல்லை, வெறும் சைபர். உள்ளே வரும் படங்கள் சரியாகக் கோக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தாள். கோக்கப்பட்டிருந்தன. ஒன்றின்மேல் ஒன்று கலக்கும் முறையைப் பார்த்தாள். அதிலும் தவறில்லை. தவறு தன்னிடம்தான் இருக்கும், ஆனால் எங்கே என்று கண்டுபிடிக்கிற அளவுக்குத் தனக்குத் தெரியுமா என்ற பழைய சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

நிழல் பெண்ணின் கன்னத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதன் வரலாற்றை டீபக்கரிடம் கேட்டாள். வெளிச்சப் பாஸ் அந்தப் புள்ளியை விட்டுவிடவில்லை. வந்திருக்கிறது, எல்லாச் சோதனையிலும் தேறியிருக்கிறது, சைபரை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. அப்படியென்றால் யாரோ கணக்குப் பண்ணித்தான் கறுப்பு வந்திருக்கிறது.

அந்தப் புள்ளிக்கு வெளிச்சக் கணக்குப் போடும் ஷேடரை ஒவ்வொரு வரியாக நடத்தினாள். நிறம் வந்தது, மாநிறம். திசை வந்தது. அறை எண் வந்தது: ஏழு. ஏழாம் அறையின் வெளிச்சம் வந்தது: சைபர், சைபர், சைபர். பெருக்கினால் சைபர்.

ஒவ்வொரு அறையின் வெளிச்சமும் வரிசை வரிசையாக எண்களில் இருக்கும் பஃபரைத் திறந்தாள். ஆறாவது வரிசையில் எண்கள் இருந்தன. எட்டாவதில் இருந்தன. ஏழாவதில் நெடுகச் சைபர்.

"கதிரு, ஏழாம் ரூமுக்கு லைட் கொடுக்கலையா நீ?"

"அந்தக் கம்பெனில ஏழே கிடையாதே," என்றான் அவன். கதவில் இருந்த நம்பர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கோப்பில் எழுதினானாம். ஆறுக்கு அடுத்து எட்டு. "நீ என்னத்துக்கு ஏழைத் தேடுத?"

அறைகளின் உருவங்களுக்கு எண் ஒட்டியது அவள்தான். கதிரவன் அறைகளைப் படம் எடுக்கப் போன நாளில், காய்ச்சல் என்று சொல்லி அவள் கம்பெனிக்குப் போகவில்லை. அந்தக் கதவைப் பார்க்க அவளால் முடியாது. அதனால் திரையிலேயே, கம்பெனி வாசலில் இருந்து வரிசையாக எண்ணி, ஒன்று, இரண்டு என்று ஒட்டிக்கொண்டே போயிருந்தாள். எட்டாம் நம்பர் கதவு வரிசையில் ஏழாவது. கதிரவன் தாவிப்போன இடத்தில் அவள் தாவவில்லை. அதற்கு அடுத்த அறைகளெல்லாம் பக்கத்து அறையின் வெளிச்சத்தை இரவல் வாங்கி எரிந்துகொண்டிருந்தன. எல்லா அறையிலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அவள் எப்போதும் முதல் அறையிலேயே சோதித்துப் பார்த்ததால் அவளுக்கும் தெரியவில்லை.

அந்த ஊரில் வேறு யார் எண்ணியிருந்தாலும் ஏழைத் தாண்டியிருப்பார்கள்.

திருத்துவது சுலபம். கதவில் உள்ள நம்பரையே உருவத்தில் ஒட்டிவிட்டால் போதும். ஆனால் கை போகவில்லை. இதைத் திருத்தினால் பஞ்சு போய்விடுவாள். பஞ்சு போனால் அம்மா பெட்டியின் அடியிலிருந்து புடவையை எடுத்துவிடுவாள். கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? அவளைத் தவிர இந்தக் கோப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த மாடியில் இல்லை.

ராஜபாண்டியன் மறுபடி போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. இன்றைக்குள் சரியானால் நாளை பெண்களை வரச்சொல்வதாகச் சொன்னார். ஆகாவிட்டால் பயிற்சி தீபாவளி சீசன் முடிந்துதான், ஆனால் கம்பெனி திங்கட்கிழமை திறந்துதான் ஆகவேண்டும், ஆர்டர் நிற்கிறது என்றார்.

"எட்டாம் ரூமுக்கு யாரு?" என்று கேட்டாள்.

"உங்கம்மா வரலைன்னா அச்சங்குளத்துப் புள்ள ஒண்ணு கேட்டுக்கிட்டிருக்கு, அதைப் போட்டுக்கிடுதேன். புதுசுதான். பழகிக்கிடும்."

அவர் பேசி முடித்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எந்தக் கதவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாத யாரோ ஒருத்தி, தட்டும் கையுமாக அந்த அறையில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. அவளுக்கும் முகம் இல்லை.

எண்களை மாற்றினாள். ஓட்டினாள். அறை வெளுத்து வந்தது. மறுபடி ஒரு ஃப்ரேமைக் கேப்சர் செய்து, அதே புள்ளியைத் திறந்து பார்த்தாள். எட்டு என்று படித்திருந்தது. ஏழாவது வரிசை பஃபரில் சைபராகவே கிடந்தது. இனி அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

வீட்டில் உள்ளதை உள்ளபடி அம்மாவிடம் சொன்னாள். தான் எண்ணிய தப்பு, வேறொன்றும் இல்லை என்றாள். வேலைக்குப் போகவேண்டாம் என்று கேட்பது தன் ஆசை, அதற்குச் சித்தியைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன் என்றும் சொன்னாள். அய்யம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள்தான் முதலில் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டாள். அவள் பார்ப்பது பக்கத்துத் திரையில் தெரிந்தது. சுண்ணாம்புச் சுவர், ரப்பர் விரிப்பு, மேலே ‘அறை 8’. தட்டில் பொறி விழுந்தது. அய்யம்மாள் தட்டை விட்டாள், எதையும் குனிந்து எடுக்கவில்லை, பக்கத்துக் கதவைப் பார்த்து வெளியேறினாள். பெண்கள் கை தட்டினார்கள். ராஜபாண்டியன் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அய்யம்மாள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. திரையில் அவள் மெல்லத் திரும்பி, வந்த கதவு வழியாகவே உள்ளே எட்டிப் பார்த்தாள். பச்சைப் புடவை கட்டிய பெண் இடுப்பில் கை ஊன்றி நின்றாள். வெளிச்சம் அவள் முகம் முழுக்க விழுந்தது. மூக்கு, கண், பொட்டு, எல்லாம் இருந்தது. அய்யம்மாள் கிட்டே போய் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?" என்றாள் மாரிசெல்வி.

"அன்னைக்கு அவ இருந்தா," என்றாள் அம்மா. "இப்ப யாரோ நிக்கா."

ஹெட்செட்டைக் கழற்றி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வேன் வரும் என்று ராஜபாண்டியனிடம் கேட்கப் போனாள்.