கை தட்டு, கால் தட்டு, மூச்சு விடு

தேவசிகாமணிக்குத் தெரிந்த ஒரே வேகம் கல்யாண வீடியோ வேகம். தாலி கட்டும்போது மூன்று கோணம். மாப்பிள்ளை சிரித்தால் ஸ்லோ மோஷன். மாமனார் மண்டபத்துக்குள் நுழைந்தால் கேமரா வானத்துக்குப் பறந்து, ஏற்காடு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி மாமனாரிடமே வந்து சேரும். ஏரிக்கும் மாமனாருக்கும் என்ன உறவு என்று இதுவரை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவனைத்தான் அவன் மனைவி சுஜாதா குழந்தைப் பாட்டு வீடியோ எடுக்கச் சொன்னாள்.

சொன்னாள் என்பதுகூடச் சரியில்லை. அவள் வேலை பார்த்த பிளே ஸ்கூல் மூடிப் போய் வீட்டில் இருந்தவளை, "நீ பாடு, நான் எடுக்கறேன், சேனல் ஆரம்பிச்சரலாம்" என்று கிளப்பிவிட்டது அவன். அதற்குக் காரணம் இருந்தது. சேலத்தில் ஒரு மழலையர் பள்ளி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மாத முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். அம்மா வீட்டில் தங்கிக்கொண்டு போய்வருகிறேன், நீங்களும் கீழே வந்துவிட்டால் இன்னும் நல்லது என்று அவள் மூன்று முறை பேச்செடுத்தாள். மூன்று முறையும் தேவசிகாமணி, "வீடியோ முடியட்டும், பேசிக்கலாம்" என்றான். வீடியோ ஓடிவிட்டால் பேச வேண்டியதே இருக்காது என்பது அவன் கணக்கு. மனைவியை மலையிலேயே வைத்துக்கொள்ள அவனிடம் இருந்த ஒரே திட்டம் அதுதான்.

பாட்டை அவளே எழுதினாள். மலையில் மேகக்குட்டி வருகிறது, ஆட்டுக்குட்டி வருகிறது, அணில்குட்டி வருகிறது, இப்படி எட்டுக் குட்டிகள். ஒவ்வொரு குட்டி வந்ததும் இதே பல்லவி:

தட்டு தட்டு கை தட்டு,
மெல்ல மெல்ல கால் தட்டு.

"அவ்வளவுதானா?" என்றான் தேவசிகாமணி.

"அவ்வளவுதானுங்க. திரும்பத் திரும்ப அதேதான் வரணும். அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சாத்தான் புள்ளைங்க கூடவே செய்யும்."

"சரி. அந்த ரெண்டாவது வரி முடிஞ்சு ஒண்ணுமே இல்லாம கெடக்குதே?"

"அது புள்ளைங்களுக்கு. நாம தட்டுன்னு சொன்னா அதுங்க கேட்டு, பாத்து, அப்பறம் கையைக் காலைத் தூக்கறதுக்கு நேரமாகுமுங்க. அதுவரைக்கும் நாம சிரிச்சிட்டுச் சும்மா நிக்கணும்."

சும்மா நிற்பதைப் படமெடுப்பது தேவசிகாமணியின் தொழில் தர்மத்துக்கு எதிரானது. இருந்தாலும் ஒத்துக்கொண்டான்.

கொட்டச்சேடு கிராமத்துக்குப் பக்கத்தில், காபித் தோட்டத்து ஓரத்தில் ஒரு புல்மேட்டில் எடுத்தார்கள். பாட்டை முன்பே வீட்டில் பதிவு செய்தாயிற்று. கீபோர்டு வாசித்த பொன்னுவேல் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பாட்டு ஒலிக்கும், அதற்கு வாயசைத்துச் சுஜாதா அபிநயம் பிடிப்பாள். கேமராவில் பதிவாகும் சத்தத்தைப் பிறகு பாட்டோடு கம்ப்யூட்டரே ஒத்துப் பார்த்துப் பொருத்திவிடும். பொருத்தியதும் கேமராச் சத்தத்தை ஊமையாக்கிவிட வேண்டியதுதான்.

மேகக்குட்டி முடிந்து முதல் பல்லவி எடுத்து முடித்ததுமே நிஜ மேகம் வந்துவிட்டது. மற்ற குட்டிகளுக்கான வரிகளை அரைகுறை வெளிச்சத்தில் அவசரமாக எடுத்தார்கள்.

"பல்லவி ஒவ்வொரு தடவையும் நான் செய்யறனுங்க," என்றாள் சுஜாதா.

"எதுக்கு? ஒண்ணு இருக்குதல்ல. அதையே காப்பி பண்ணி ஒட்டிக்கலாம்."

அப்படியே ஒட்டினான். எட்டுக் குட்டிகளுக்கும் ஒரே பல்லவி. அந்த நான்கு விநாடிச் சும்மா மட்டும் அவன் கண்ணை உறுத்தியது. மனைவிக்குத் தெரியாமல் மூலையில் ஒரு பொம்மை மேகத்தை மிதக்கவிட்டான். எடிட் செய்த நேரமெல்லாம் அவன் பார்த்தது அந்த மேகத்தைத்தான். முடித்ததும் சுஜாதாவுக்குப் போட்டுக் காட்டினான். அவள் முழுவதும் பார்த்தாள். "போடுங்க," என்றாள்.

வீடியோ ஓடியது. குழந்தைகளுக்கானது என்று குறித்துவிட்டால் யூட்யூபில் கருத்துப் பெட்டி மூடிக்கொள்ளும், எனவே புகழ் வேறு வழியாக வந்து சேர்ந்தது. பெற்றோர் குழந்தைகளைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். மளிகைக் கடையில் ஒருத்தர், "உங்க பாட்டைப் போட்டாத்தானுங்க எங்கூட்டுக் குட்டி அம்மணி சோத்துக்கு வாயே தொறக்குது" என்று சொல்லிவிட்டு, பாக்கிச் சில்லறைக்கு மிட்டாய்தான் கொடுத்தார். தேவசிகாமணி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சுஜாதாவிடம் ஒப்பித்தான். அவள் நன்றாகக் கேட்டுக்கொண்டு, துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கிளியூர் அங்கன்வாடி டீச்சர் மலர் அவனுக்கு போன் செய்தது வியாழக்கிழமை.

"ஏனுங்க தேவா, பாட்டு நொம்ப நல்லாருக்குது. ஒரே ஒரு சந்தேகம். மூணாவதா ஒரு ஆக்ஷன் வருதே, அது என்னங்க? புள்ளைங்க எல்லாம் செய்யுது, எனக்குத்தான் புரியல."

"மூணாவது இல்லைங்களே. கையும் காலும்தான்."

"நேர்ல வந்து பாருங்க."

போனான். மலர் செல்போனை மேசையில் சாய்த்து வைத்தார். ஏழெட்டு வாண்டுகள் பாயில் நின்றன. மேகக்குட்டி வந்தது. கை தட்டின. கால் தட்டின, பாட்டு சொன்னதற்குச் சற்றுத் தாமதமாக, சுஜாதா சொன்ன மாதிரியே. பிறகு அத்தனையும் ஒன்றாக முகத்தை இடப்பக்கம் திருப்பின. கண்ணைத் தரையில் போட்டன. தோளைத் தூக்கி, "ஹூம்ம்" என்று ஒரு மூச்சு விட்டன. அப்புறம் கேமராவுக்குச் சிரிப்பதுபோலப் பளிச்சென்று சிரித்தன.

ஆட்டுக்குட்டிக்கும் அப்படியே. அணில்குட்டிக்கும் அப்படியே. டயப்பர் நழுவ நின்ற ஒன்றரை வயசு ஒன்று மற்றவர்களைவிட அழகாகச் செய்தது. முப்பது வருஷம் குடும்பம் நடத்தி அலுத்தவள் மாதிரி.

"எங்கக்காகூட மாமாகிட்டப் பேசும்போது இப்படித்தானுங்க மூச்சு விடும்," என்றார் மலர். "எங்க போயி புடிச்சீங்க இந்த ஆக்ஷனை?"

ஒரு வாண்டு தேவசிகாமணியின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை மூச்சு விட்டுக் காட்டியது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். பல்லவி முடிந்த அந்த நான்கு விநாடியைப் பெரிதாக்கினான். பொம்மை மேகத்தை அழித்துவிட்டுப் பார்த்தபோது அந்த மூன்றாவது ஆக்ஷன் அங்கேயே இருந்தது. கால் தட்டி முடித்ததும் சுஜாதாவின் சிரிப்பு அணைகிறது. முகம் திரும்புகிறது. தோள் ஏறி இறங்குகிறது. மறுபடி சிரிப்பு. அவன் மேகத்தைப் பார்த்திருந்தான். குழந்தைகள் முகத்தைப் பார்த்திருந்தன.

ஊமையாக்கி வைத்திருந்த கேமராச் சத்தத்தை அப்போதுதான் திறந்தான்.

ஸ்பீக்கரில் பாட்டு. கை தட்டு, கால் தட்டு. பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து பொன்னுவேலின் குரல், மெதுவாக: "அம்மணி சேலம் போறாங்களாமே?"

அதை ஒட்டியே அவன் குரல், மைக்குக்குப் பக்கத்தில், கணீரென்று: "அவ எங்கீங்க போவா."

சொன்னது ஞாபகமே இல்லை. கோபமாகச் சொன்னதாகவும் தெரியவில்லை. நாளைக்கு மழை வராது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லியிருந்தான். அந்தச் சொல்லுக்குத்தான் அவள் முகம் திரும்பியது. அதை அவனே தன் கையால் எடுத்து, எட்டு இடத்தில் ஒட்டி, உலகத்துக்கு ஏற்றியிருந்தான்.

சுஜாதா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"ஏம்புள்ள, அந்தப் பல்லவியில நீ திரும்பறது..."

"ஆமாங்க."

"அப்பவே நிறுத்தியிருக்கலாமல்ல."

"நடுவுல நிறுத்துனா மேகம் வந்துரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"எடிட் முடிச்சுக் காட்டுனேனே. அப்ப உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க. எட்டுத் தடவையும் பாத்தேன்."

"அப்பறம் ஏன் போடச் சொன்ன?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரு தடவைன்னா கவனிக்கலைன்னு உட்டுரலாம். எட்டுத் தடவை வருதே, ஒண்ணுலயாவது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க." பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "எண்ணெய் காயுது, வழியை உடுங்க."

தேவசிகாமணிக்கு அப்போது சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அவன் சொன்னது இதுதான்: "சனிக்கிழமை அந்தப் பல்லவியை மட்டும் மறுபடி எடுத்தரலாமா?"

அவள் வெங்காயத்தை எண்ணெயில் போட்டுவிட்டு, "எடுக்கலாமுங்க," என்றாள்.

அதே புல்மேடு. வெயில் நன்றாக இருந்தது. பொன்னுவேலை வரச் சொல்லவில்லை. இந்த முறை எட்டு முறையும் தனித்தனியாக எடுத்தான். வாயே திறக்கவில்லை. அவளும் கை தட்டி, கால் தட்டி, நான்கு விநாடியும் லென்ஸைப் பார்த்துச் சிரித்து நின்றாள். ஒரு கீறல்கூட இல்லாத சிரிப்பு. எட்டும் ஒரே அச்சு. தேவசிகாமணி அந்தச் சின்னத் திரையில் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தான். பழைய கிளிப்பிலாவது அவள் அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைக்க யூட்யூபில் வழியில்லை. பழையதை மறைத்துவிட்டுப் புதியதைத் தனியாக ஏற்றினான். ஞாயிற்றுக்கிழமை காலை மலரிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"தேவா, இது எங்கக்கா பேரனுங்க. புதுசைப் போட்டா தொண்டை கிழியக் கத்துறான். மூச்சு விடற எடத்துல இவன் மூச்சு விட்டுட்டு அவங்களைப் பாக்கறான், அவங்க சும்மா சிரிக்கறாங்க, இவனுக்குப் புரிய மாட்டேங்குது. பழசையே குடுங்க சாமி, புண்ணியமாப் போகும்."

சுஜாதா தலை வாரிக்கொண்டே அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "பழசையே உட்டுருங்க. கத்துக்கிட்டதை மாத்துனா பாவம், கொழம்பிக்குமுங்க."

"அது எப்பவும் அப்படியே இருக்குமே புள்ள."

"இருக்கட்டும்."

அவன் பழையதைத் திறந்துவிட்டான். மறுநாள் அவள் வேலையில் சேர வேண்டும், சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தான். 'நானும் கீழ வந்தர்றேன்' என்பது அதன் சுருக்கம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு வேண்டும், மன்னிப்புக்கு முன்னால் ஒரு விளக்கம் வேண்டும், விளக்கத்துக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கல்யாண வீடியோவாக இருந்தால் இந்த இடத்தில் ஏரியைக் காட்டியிருப்பான்.

ஞாயிறு சாயங்காலம் சேலம் பஸ்ஸில் ஏறுவது ஒரு தனிக் கலை. சுற்றுலா வந்த கூட்டம் முழுக்கப் பலாப்பழத்தோடும் குழந்தைகளோடும் முண்டியது. சுஜாதாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அவன் பெட்டியை மேலே வைத்துவிட்டு, படிக்கு வந்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துத் திரும்பி நின்றான்.

"சுஜா."

"சொல்லுங்க."

அவள் நிஜமாகவே காத்திருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"ஏனுங்க, வர்றீங்களா, எறங்கறீங்களா?" என்றார் கண்டக்டர். "பின்னால ஆளு நிக்குதல்ல."

தேவசிகாமணி வாயைத் திறந்தான். பின்னாலிருந்து ஒரு பலாப்பழம் முதுகில் இடித்தது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பியபோது அவன் தரையில் நின்றிருந்தான். தானாக இறங்கினானா, யாராவது இறக்கிவிட்டார்களா என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

வளைவில் பஸ் மறைந்த பிறகும் அப்படியே நின்றான். வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு லாட்ஜ் ஆள் அவனைப் பார்த்து ஓடி வந்தான்.

"ரூம் வேணுங்களா சார்? ஏரிக்குப் பக்கத்துல, சுடுதண்ணி இருக்குதுங்க. ஃபேமிலியா, சிங்கிளா?"

"நான் இந்த ஊருங்க," என்றான் தேவசிகாமணி.

அந்த ஆள் நம்பவில்லை. விசிட்டிங் கார்டைக் கையில் திணித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பார்க்கப் போனான்.