முதலில் வந்த நம்பர்

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே ஒரு பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனை சங்கிலிமுத்து ஓட்டினான். காலையில் பெண்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை அவனுக்கு வேலையில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டுக் காத்திருப்பான். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வேலையாட்களின் போன்கள் எல்லாம் ஒரு துணிப்பையில் அவனிடம்தான் இருக்கும். அவன் மனைவி வள்ளித்தாயும் அதே ஆலையில் மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தாள்.

வள்ளித்தாய் கொடுக்கும் போன் பழைய பட்டன் போன். அதில் இருந்தது வீட்டில் முதன்முதலாக வாங்கிய சிம். அவர்களுடைய ஒரே மகள் மாரிசெல்வி மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே நம்பர் அதுதான். சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்த ஒரு பையனோடு அவள் போய் இரண்டு வருஷமாகிறது. எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. அவள் போன அன்று, "இனி அவ பேச்சு இந்த வீட்டுல வரக்கூடாது" என்று சங்கிலிமுத்து சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

ஆனால் மாதம் பிறந்தால், "கேஸ் புக் பண்றதுக்கு அந்த நம்பருதான குடுத்திருக்கோம், கட்டாயிரும்" என்பாள் வள்ளித்தாய். "ம்" என்பான் அவன். தன் டச் போனிலிருந்து அந்த நம்பருக்குப் பணம் போட்டுவிடுவான். கேஸுக்கு எந்த நம்பரை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இருவருக்குமே தெரியும்.

அந்த வருஷம் தீபாவளி சீசனில் ஓய்வில்லை. இரண்டு ஆலைகளுக்கு ஆள் ஏற்றினான். பணம் போட மறந்துவிட்டான். வள்ளித்தாயும் ராத்திரி வரை வேலை பார்த்து வந்து சாய்ந்துவிடுவாள். ஐப்பசி பாதியில் ஒருநாள் மரத்தடியில் உட்கார்ந்து, தன் போனிலிருந்து சும்மா அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தான். 'நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண்குரல் சொன்னது. துணிப்பைக்குள் கிடந்த பட்டன் போன் சத்தமே போடவில்லை. மறுபடி அடித்தான். அதே குரல்.

உடனே பேமெண்ட் ஆப்பில் ரீசார்ஜ் போட்டான். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. நம்பருக்கு வரவில்லை. 'நடந்துகொண்டிருக்கிறது' என்று மட்டும் திரையில் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். கூகிளில் மைக்கை அழுத்தி, சிம் கம்பெனியின் பேரைச் சொல்லி, "கஸ்டமர் கேர் நம்பர்" என்றான்.

முதலாவதாக வந்ததில் கம்பெனியின் பேர் இருந்தது, அதே சிவப்புப் படம் இருந்தது, கீழே பத்து இலக்க நம்பர் இருந்தது. தொட்டதும் ஒரே ரிங்கில் எடுத்தான் ஒருவன்.

"வணக்கம் சார், கஸ்டமர் சர்வீஸ். என்ன உதவி வேணும்?" தமிழ்தான், ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழ் இல்லை.

சங்கிலிமுத்து சொன்னான். "எப்படியாச்சும் அந்த நம்பரு மட்டும் போகாமப் பாத்துக்கோங்க சார்" என்றும் சொன்னான்.

"கவலையே வேண்டாம் சார். நம்பர் இன்னைக்கு சாயங்காலத்தோட கேன்சல் ஆகுது. நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. நான் காப்பாத்தித் தர்றேன்."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. போனில் பேசியவன் ஒரு ஆப்பை ஏற்றச் சொல்ல, சங்கிலிமுத்து ஏற்றினான். அதில் வந்த எண்களைக் கேட்டான், இவன் சொன்னான். பிறகு பேமெண்ட் ஆப்பைத் திறந்து ஒரு பேரைத் தொடச் சொல்லி, "கம்ப்ளைண்ட் நம்பர் தர்றேன், அந்தக் கட்டத்துல போடுங்க, உங்க ரகசிய நம்பரைப் போட்டா பதிவாயிரும்" என்றான். ஐந்து இலக்கத்தில் ஒரு நம்பர். அது தொகை போடும் கட்டம் என்பது சங்கிலிமுத்துவின் கண்ணில் படாமலில்லை. ஆனால் அந்த நேரம் அவன் நினைப்பெல்லாம் அந்தப் பழைய நம்பரில்தான் இருந்தது. போட்டான். "பதிவாகலை சார், இன்னொரு தடவை" என்றான் அவன். இன்னொரு தடவையும் போட்டான்.

பாங்க்கிலிருந்து அடுத்தடுத்து இரண்டு மெசேஜ் வந்தது. முந்தின வாரம் இரண்டு பேருக்கும் ஏறியிருந்த தீபாவளி போனஸ் முழுக்கப் போயிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வள்ளித்தாய் கேட்டுக்கு வெளியே வந்தபோது, அவன் தூக்குவாளியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, சாப்பிடலியா?"

அவன் போனை நீட்டினான். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தாள். மறுபடி படித்தாள்.

"யாருக்குப் போட்டீக இம்புட்டையும்?"

"கம்பெனிக்காரன்னு நெனச்சேன்."

"என்ன கம்பெனி? எதுக்கு அவனக் கூப்பிட்டீக?"

அவன் வேறு பக்கம் பார்த்தான். "உன் போன்ல நம்பரு செத்துக் கெடக்கு. புள்ள கூப்பிட்டா எங்கன போகும்?"

வள்ளித்தாய்க்குப் பணம் போனது அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. புள்ள என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம். அவள் கை முழுக்க அலுமினியப் பொடி. அந்தக் கையோடே அவன் தோளைப் பிடித்தாள்.

"எந்திரிங்க. மீனாகிட்டக் கேப்போம்."

பாண்டிமீனா ஆலை வாசலில் இருந்த ஆபீஸ் அறையில் வருகை எழுதும் பெண். போன வருஷம் அவளுடைய அண்ணன் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு இப்படித்தான் ஒரு நம்பரைத் தேடி ஏமாந்திருந்தான். வெளியே வந்து போனை வாங்கியதும் முதலில் நெட்டை அணைத்தாள். அந்த ஏமாற்றுக்காரன் ஏற்றச் சொன்ன ஆப்பை அழித்தாள்.

"அண்ணே, ஏடிஎம் கார்டு இருக்கா? பின்னாடி பாங்க் நம்பரு போட்டிருக்கும். என் போன்லருந்து அதுக்கு அடிங்க, கணக்க நிறுத்தச் சொல்லுங்க. அடுத்து 1930. போலீஸ்ல இதுக்குன்னே வெச்சிருக்கிற நம்பரு. சீக்கிரம் சொன்னா போற வழியில நிறுத்தி வெப்பாக."

பாங்க் கணக்கை நிறுத்தியது. 1930-இல் ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு புகார் எண் கொடுத்து, விருதுநகரில் சைபர் கிரைம் ஆபீசுக்கு வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னாள்.

"கம்பெனி பேரு போட்டிருந்துச்சு மீனா. படமும் அதேதான்" என்றான் சங்கிலிமுத்து.

"பேரும் படமும் யாரு வேணும்னாலும் போடலாம்ணே. காசு கட்டுனா மேலயும் வரலாம். தேடுனதுல வர்ற நம்பர நம்பக்கூடாது. சிம் வாங்குன அட்டையில இருக்கும், கம்பெனியோட சொந்த ஆப்புல இருக்கும், பில்லுல இருக்கும். அதான் அவுக நம்பரு. எந்தக் கம்பெனிக்காரனும் கம்ப்ளைண்ட் எழுதறதுக்கு ரகசிய நம்பரு கேக்க மாட்டான்."

"அப்ப இந்த சிம்முக்கு யாரக் கேக்க?" என்றாள் வள்ளித்தாய். அவள் கவலை அங்கேயே நின்றது.

"மதினி, அந்த போனக் குடுங்க. அந்த சிம்லருந்தே 198 அடிச்சாப் போதும். காசு இல்லாட்டியும் போகும்."

போயிற்று. ஒரு இயந்திரக் குரல் நீளமாகப் பேசியது, பட்டன் அழுத்தச் சொன்னது, பாட்டுப் போட்டது. வெகுநேரம் கழித்து ஒரு பையன் லைனில் வந்தான். நம்பரைக் கேட்டான், யார் பேரில் இருக்கிறது என்று கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை.

"நம்பர் இன்னும் உங்க பேர்லதான் சார் இருக்கு. வேலிடிட்டி முடிஞ்சு நின்னிருக்கு. ரீசார்ஜ் பண்ணினா திரும்ப வந்துரும். நீங்க ஆப்ல போட்ட பணம் எங்களுக்கு வரல. அந்த ஆப்புக்குள்ளயே உதவின்னு இருக்கும், அதுல போய்ப் பாருங்க. வரலைன்னா கணக்குக்கே திரும்பிரும்."

"இன்னைக்கு சாயங்காலம் கேன்சல் ஆயிரும்னு..."

"அப்படி எதுவும் இல்ல சார்."

அதிகாரமாகவும் பேசவில்லை, குழைந்தும் பேசவில்லை. சங்கிலிமுத்து சாத்தூருக்கு வேனை எடுத்துப்போய்க் சிம் கம்பெனியின் கடையிலேயே கையிலிருந்த காசைக் கொடுத்து ரீசார்ஜ் போட்டான். திரும்பி வரும் வழியில் தன் போனிலிருந்து அடித்தான். பக்கத்து சீட்டில் கிடந்த பட்டன் போன் கிணுகிணுத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, அது அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் இருவரும் லீவு சொல்லிவிட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினார்கள். சைபர் கிரைம் ஆபீசில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது தடவை போன பணத்தில் பாதியை ஒரு கணக்கில் முடக்கியிருப்பதாகவும், அது கைக்கு வர நாளாகும் என்றும், மீதிக்கு உறுதி சொல்ல முடியாது என்றும் அங்கிருந்த ஏட்டு சொன்னார். வாசலுக்கு வந்ததும் வள்ளித்தாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லல நான்" என்றாள். "போன வருஷம் பொங்கலுக்கு அவ கூப்பிட்டா. யாரோட போன்லருந்தோ. அம்மான்னு அவ குரலக் கேட்டதும் நான் அழுதுட்டேன். அப்பா சாப்பிட்டாகளான்னு கேட்டா. அதுக்குள்ள கட்டாயிப்போச்சு. திரும்ப அடிச்சா ஒரு கடைக்காரன் எடுத்தான், திருப்பூருன்னான்."

சங்கிலிமுத்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"சொல்ல விட்டீகளா?"

"அந்தப் பயலோட அத்த ஒருத்தி இந்த ஊருலதான மிளகாய்க் குடோன்ல இருக்கா?" என்று கேட்டான்.

"பத்திரகாளி."

"வா, போவோம். நம்பர வெச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு உக்காந்திருக்க?"

பஜாருக்குப் பின்னால் வரிசையாக மிளகாய்க் குடோன்கள். தெருவுக்குள் நுழைந்ததுமே நெடி தொண்டையைப் பிடித்தது. மூன்றாவது குடோனில், குவியலைச் சுற்றிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தவள்போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பத்திரகாளிக்கு ஐம்பது வயதிருக்கும்.

"சத்தம் போட வரல" என்றாள் வள்ளித்தாய். "புள்ள நல்லாருக்காளா?"

பத்திரகாளியின் முகம் தளர்ந்தது. "நல்லாருக்கா. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறாக ரெண்டு பேரும். இப்ப அவ மட்டும் வேலைக்குப் போகல. ஏழு மாசம்."

வள்ளித்தாய் மிளகாய் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தீபாவளிக்கு வரவான்னு கேக்கத்தான் ரெண்டு வாரத்துக்கு முந்தி ஒங்க போனுக்கு அடிச்சிருக்கா" என்று பத்திரகாளி தொடர்ந்தாள். "நம்பரு இல்லன்னு வந்துச்சாம். அப்பா நம்பரையே மாத்திட்டாக அத்த, எனக்குத் தெரியக்கூடாதுன்னு மாத்திட்டாகன்னு எங்கிட்ட ஒரே அழுக."

சங்கிலிமுத்துவுக்குக் கண் எரிந்தது. மிளகாய் நெடி என்று யாரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் நின்றான். அவன் மறந்த ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில்தான் அவள் கூப்பிட்டிருக்கிறாள்.

"மாத்தல" என்றான். மறுபடி சொன்னான். "மாத்தலத்தா. பணம் போட மறந்துட்டேன். நாந்தான் மறந்துட்டேன்."

"இந்தா, அவ நம்பரு எங்கிட்ட இருக்கு, நீங்களே பேசுங்க" என்று பத்திரகாளி இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

அவன் கை நீளவில்லை. இரண்டு வருஷத்துப் பேச்சில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் வள்ளித்தாயைப் பார்த்தான். அவள் தன் பட்டன் போனை இடுப்பிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இதுலருந்து அடிங்க" என்றாள். "எடுத்தவொடனே யாருன்னு தெரியட்டும்."

பத்திரகாளி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவன் தடித்த விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினான். குடோனில் காம்பு கிள்ளிய பெண்கள் கையை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.