பம்ப் ஹவுஸில் வேலை நடக்காத நாட்கள்

தளத்தில் அவனுக்கு ‘புரோக்ரஸ்’ என்று பெயர். காலையில் எதிர்ப்படுகிறவர்களிடம் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்காமல், புரோக்ரஸ் என்ன என்று கேட்கிற சைட் இன்சார்ஜுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் ஒப்பந்ததாரரிடம் ஒன்பது வருட வேலை. அத்தனை வருடத்தில் அவன் தலைகுனிந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, தகரக் கூரை போட்ட சைட் ஆபீசில், தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒப்பந்தப் பிரிவு மேடத்தின் முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

வேலை முடிக்க நாற்பத்தேழு நாள் கூடுதல் அவகாசம் கேட்டு, டிராயிங் கொடுத்து வேலையை மேற்பார்வை பார்க்கும் கன்சல்டன்டுக்கு ஒரு கடிதம் போக வேண்டும். மூன்று தாமதங்களுக்கும் தனித்தனியாக நோட்டீஸ் ஏற்கெனவே போய்விட்டது. மூன்றையும் சேர்த்து விவரமான கோரிக்கை தர கன்சல்டன்ட் ஒப்புக்கொண்ட கடைசி நாள் வெள்ளி. மேடம் கட்டம் போட்டு வைத்திருந்தார்: என்ன தாமதம், ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு, எந்தப் பதிவேடு சாட்சி. வடக்குப் பக்க நிலத்தைப் பன்னிரண்டு நாள் பிந்திக் கொடுத்தது, பிரிவு 2.1, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்படைப்புச் சான்று. வழக்கத்துக்கு மிஞ்சிய மழையில் ஒன்பது நாள், பிரிவு 8.4, வானிலை நிலையத்தின் மழை அளவும் பழைய வருடங்களின் சராசரியும். இரண்டும் கல்லுமாதிரி நின்றன. நடுவில் இருந்ததுதான் பெரிய இடி. பம்ப் ஹவுஸ் தரைக்கான கம்பி டிராயிங்கை கன்சல்டன்ட் திரும்ப வாங்கிக்கொண்டு, புதியதைக் கொடுக்க இருபத்தாறு நாள் இழுத்தடித்தது. பிரிவு 1.9. சாட்சி என்ற கட்டத்தில் மேடத்தின் பேனா நின்றுவிட்டது.

“ஒன்பதாந்தேதி நீங்களே நோட்டீஸ் குடுத்திருக்கீங்க, டிராயிங் இல்லாம வேலை நின்னு போச்சுன்னு. சரி. இது உங்க டெய்லி ரிப்போர்ட். பத்தாந்தேதி, பம்ப் ஹவுஸ் தரை, கம்பி கட்டும் வேலை நடக்கிறது, இருபத்திரண்டு பேர். பதினொண்ணு, அதே. பன்னெண்டு, அதே. நின்னுபோன வேலையை இவங்க எப்படிக் கட்டினாங்க?”

அவன் ரிப்போர்ட் தாள்களைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினான்.

“இருபத்தாறு நாள் இருபத்திரண்டு பேர் கட்டியிருந்தா அது பம்ப் ஹவுஸ் இல்ல, கோட்டை.”

“ஆளுங்க சும்மாதான் இருந்தாங்க மேடம். அனுப்பிட்டா திரும்பக் கிடைக்க மாட்டாங்கன்னு வெச்சிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ரிப்போர்ட்ல பூஜ்யம்னு போட்டா டைரக்டர் ஆறரைக்கு ஃபோன் பண்ணுவாரு. அதுக்குப் பயந்து...”

“பயந்து எழுதினீங்க. கன்சல்டன்டோட இன்ஸ்பெக்டரும் பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்காரு. காப்பி அவங்க ஆபீஸ்லயும் இருக்கு, மாத்தவும் முடியாது. டிராயிங் லேட்டுன்னு கன்சல்டன்ட் ஒத்துக்குவாரு. ஆனா அதனால உங்க வேலை கெடலையே, உங்க ரிப்போர்ட்டே சொல்லுதேன்னு ஒரே வரில தள்ளிடுவாரு.”

பிந்திக் கொடுத்த ஆளே தீர்ப்புச் சொல்லப்போகிறவன். அவன் கையில் நாமே தடியைக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது புரோக்ரஸுக்கு முகம் எரிந்தது. கோரிக்கை விழுந்தால் தாமத அபராதம் நிறுவனத்தின் தலையில். அதற்குக் காரணம் இன்னார் என்று ஒன்பது வருடப் பெயர் ஒரே நாளில் சந்தி சிரிக்கும்.

“வேற ரெக்கார்ட் இருக்கா?” மேடம் கேட்டார். “உங்க கை படாத ரெக்கார்ட்?”

இருந்தது. அதைக் காட்டத்தான் அவனுக்கு மனசு வரவில்லை. கடைசியில் தானே எழுந்து போய் ஸ்டோரிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து வந்து வைத்தான். சாமான் வழங்கும் பதிவேடு. கம்பி கட்டுகிறவர்கள் தினமும் காலையில் கட்டுக்கம்பி ரோல் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். கட்டுக்கம்பி இல்லாமல் ஒரு முடிச்சும் விழாது. ஒன்பதாம் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளும் மற்ற இடங்களுக்கு இத்தனை ரோல் என்று இருந்தது. பம்ப் ஹவுஸ் என்ற வரிக்கு நேரே ‘இல்லை’. குண்டு குண்டான, அவசரமே இல்லாத எழுத்து. இருபத்தாறாம் தேதி வரை அப்படியே. இருபத்தேழாம் தேதி எழுத்து மாறியது. பம்ப் ஹவுஸுக்கு மூன்று ரோல். மறுநாள் நான்கு.

“இருபத்தேழுல யாரு வந்தது?”

“புது ஸ்டோர் கீப்பர். நான் சொன்னதை எழுதினாரு.”

“பழைய ஆளு?”

“யார்டுக்கு மாத்தியாச்சு. ரிப்போர்ட்டுக்குத் தகுந்தமாதிரி எழுதுங்கன்னு சொன்னேன், எழுதமாட்டேன்னுட்டாங்க. ஒத்துழைக்கலைன்னு மேல எழுதிப் போட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “எங்க அண்ணி அவங்க” என்றான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். “அவங்ககிட்ட ஒரு எழுத்து வேணும்” என்றார். “இந்த நோட்டை நான்தான் வெச்சிருந்தேன், இந்தத் தேதிவரைக்கும்னு. நடுவுல எதுக்கு மாத்தினாங்கன்னும் இருக்கணும். கன்சல்டன்ட் முதல்ல கேக்கிறது அதுவாத்தான் இருக்கும்.”

அண்ணி அவனைவிட ஆறு வயது மூத்தவள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். வீட்டில் ‘தம்பி’ என்பாள். கேட் தாண்டி உள்ளே வந்தால் ‘சார்’. அந்த விஷயத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. அன்று ஸ்டோர் வாசலில், எட்டுப் பேர் காதுபட, “உங்களை இங்க வெச்சதே என் தப்பு” என்று அவன் கத்தியபோதும், “எடுக்காததை எடுத்ததா எப்படி சார் எழுதறது” என்றுதான் கேட்டாள். கம்பெனியின் பழைய சாமான்கள் போட்டுவைக்கும் யார்டு ஊருக்கு வெளியே; இரண்டு பஸ் மாற வேண்டும். மாடியில் அண்ணன் குடும்பம், கீழே இவன் குடும்பம். அவள் விடிவதற்குள் படியிறங்கும் சத்தம் நான்கு மாதமாக அவன் தலைமாட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. தூங்குவதாகப் பாவனை செய்ய அவன் நன்றாகவே பழகியிருந்தான். தானே கேட்டு வாங்கிய மாற்றல் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். அண்ணனும் நம்பிவிட்டான்.

வீட்டில் வைத்துக் கேட்கத் தைரியமில்லை. மறுநாள் யார்டுக்கே போனான்.

துருப்பிடித்த சாரக்குழாய்களுக்கு நடுவே ஒரு ஷெட். உள்ளே மேசை, நோட்டுகள், ஒரு தண்ணீர்க் குடம். அண்ணி லாரியிலிருந்து இறங்கிய கிளாம்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து, எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

“வாங்க சார்.”

அந்த ‘சார்’ அவனைக் கொன்றது. நின்றபடியே சொன்னான்: கோரிக்கை, கடிதம், ரிப்போர்ட், பதிவேடு. எல்லாவற்றையும் சொன்னான், மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டான். அவள் இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, அதே குண்டு எழுத்தில் எழுதித் தந்தாள்.

படித்தான். பதிவேட்டைத் தான் வைத்திருந்த தேதிகள் சரியாக இருந்தன. கட்டுக்கம்பி வழங்கவில்லை என்பதும் இருந்தது. கடைசி வரி: ‘இருபத்தாறாம் தேதி என் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றல் பெற்றேன்.’

இதை இணைத்துவிட்டால் எல்லாம் ஒழுங்காக முடிந்துவிடும். அவன் பெயர் எங்கேயும் வராது. மாற்றல் உத்தரவில்கூட ‘நிர்வாகக் காரணம்’ என்றுதான் இருந்தது, யாரும் தோண்டப்போவதில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவனை உலுக்கிவிட்டது.

“இது பொய்யாச்சே அண்ணி.”

“வீட்ல சொன்னதைத்தானே எழுதியிருக்கேன். ஊருக்கெல்லாம் போற கடுதாசில தம்பி என்னை வெரட்டிட்டான்னா எழுதறது? உங்க அண்ணன் காதுக்குப் போனா, நீங்க ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காருவீங்க. நடுவுல கெடந்து நான்தான் அவதிப்படணும்.”

அத்தனை பேர் நடுவில் அவன் கத்தியும் பொய் எழுத மறுத்தவள், இப்போது அவன் மானத்துக்காக, அவன் கேட்காமலே ஒரு பொய்யை எழுதிவிட்டாள். புரோக்ரஸ் அந்தப் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தான். வெட்கம் என்றால் அவன் அதுவரை நினைத்திருந்தது யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான். இங்கே பார்க்கிறவர் யாருமில்லை. இருந்தும் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வேற தாள் குடுங்க” என்றான்.

தானே எழுதினான். இந்த நாட்களின் தினசரி அறிக்கைகளில் பம்ப் ஹவுஸ் பற்றி எழுதியது உண்மையல்ல, எழுதியவன் நான். பதிவேட்டை அதற்கேற்ப எழுத மறுத்ததால் ஸ்டோர் கீப்பரை மாற்றச் செய்தவன் நான். இருபத்தாறு நாளும் வேலை நடக்கவில்லை என்பதற்கு அந்தப் பதிவேடே சாட்சி. எழுதி அவளிடம் நீட்டினான். அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள்.

“இருபத்தாறு நாளுக்கும் பதிவேடு சாட்சின்னு போட்டிருக்கீங்க. பதினெட்டுன்னு எழுதுங்க.”

“மீதி எட்டு நாளும் வேலை நடக்கல அண்ணி. எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும். நோட்டுல ரோல் குடுத்ததாத்தானே இருக்கு. அப்ப நான் அங்க இல்ல தம்பி. இல்லாததுக்கு நான் எப்படிச் சொல்றது?”

‘தம்பி’ என்று அவள் சொன்னதை அவன் கவனித்தான். அது மன்னிப்பா, பழக்கமா என்று கேட்கிற அருகதை தனக்கு இல்லை என்றும் தெரிந்தது. இருபத்தாறை அடித்துப் பதினெட்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டான். அவளும் தன் தாளில் கடைசி வரியை அடித்துவிட்டு, ‘நிர்வாகம் மாற்றியது’ என்று எழுதித் தந்தாள்.

அன்று மாலை மாடிக்குப் போய் அண்ணனிடம் சொல்லிவிட்டான். அண்ணன் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, போ என்று மட்டும் சொன்னான்.

மேடம் இரண்டு தாள்களையும் இணைப்பாகச் சேர்த்தார். பொய்யை நாமே சொல்லிவிட்டால் மற்ற பதிவேடுகளாவது நிற்கும் என்றார். வெள்ளிக்கிழமை கடிதம் போனது. கோரிக்கை இருபத்தாறு நாளுக்கே போனது. சாட்சி என்ற கட்டத்தில் மட்டும் பதினெட்டு நாளுக்கு எதிரே பதிவேடு என்றும், எட்டு நாளுக்கு எதிரே சைட் இன்சார்ஜின் வாக்குமூலம் என்றும் இருந்தது.

ஆறாவது வாரம் பதில் வந்தது. நிலத்துக்குப் பன்னிரண்டும் மழைக்கு ஒன்பதும் அப்படியே ஏற்கப்பட்டன. டிராயிங்குக்குப் பதினெட்டு. அந்தந்த நாளிலேயே எழுதிய நம்பத்தக்க பதிவேடு இல்லாததால் மீதி எட்டு நாளை ஏற்பதற்கில்லை. தன் அறிக்கை உண்மையல்ல என்று கூறுபவரின் சொல்லை மட்டும் ஆதாரமாகக் கொள்ள இயலாது.

டைரக்டர் அவனைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேடமும் இருந்தார். கோபமாகப் பேசுவார் என்று போனவனுக்கு, அவர் அமைதியாகக் கேட்டதுதான் அதிகமாக வலித்தது.

“முப்பத்தொன்பது வந்திருக்கு. சரி. அந்த எட்டு நாளும் வேலை நடக்கலைன்னு இத்தனை பேருக்குத் தெரியும். ஏன்யா நம்மால நிரூபிக்க முடியல?”

“நிரூபிக்கிற ஆளை அந்த எட்டு நாளைக்கு முன்னாடியே நான் அனுப்பிட்டேன் சார்” என்றான்.