காற்றுக்குக் கிடைத்த மின்னூட்டம்

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் இயற்பியல் டீச்சர் ஒருவர் அரை மணி நேரமாக ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசைக்காரர் அதற்குள் பதினாறு தாள்களை முடித்துவிட்டார். அவருக்கு மின்னல் என்று பட்டப்பெயர். கடைசி வரியை மட்டும் பார்ப்பார், மதிப்பெண் விழுந்துவிடும்.

"என்னக்கா, தாள் தூங்கிடுச்சா?"

"பதில் சரியா இருக்கு. விடைக்குறிப்புதான் தப்பு."

மின்னல் பேனாவை மூடி வைத்தார். அந்தக் கூடத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதே இல்லை.

கேள்வி எளிமையானது. மின்காப்புப் பொருளால் ஆன தடித்த கோளம். நடுவே பத்து சென்டிமீட்டர் ஆரத்துக்கு வெற்றுக் குழி. வெளி ஆரம் இருபது. குழியைச் சுற்றியுள்ள பொருளில் ஏழு நானோகூலும் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது. மையத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டரில் மின்புலம் என்ன, பதினைந்தில் என்ன?

முதல் பாதிக்கு விடைக்குறிப்பு சுழி என்றது. அது சரி. இரண்டாவதற்கு 1181 என்றது. இந்தத் தாளை எழுதிய பிள்ளையோ பதினைந்து சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு கற்பனைக் கோளம் வரைந்திருந்தாள். அதன் பரப்பு முழுக்க மின்புலம் ஒரே அளவு, ஆகவே மின்புலத்தைப் பரப்பளவால் பெருக்கினால் மின்பாயம். அந்த மின்பாயத்தைத் தீர்மானிப்பது உள்ளே அடைபட்ட மின்னூட்டம் மட்டுமே என்று எழுதியிருந்தாள். பத்திலிருந்து பதினைந்து வரையுள்ள பொருளை மட்டும் கணக்கில் எடுத்து, 2.375 நானோகூலும். விடை 950.

விடைக்குறிப்போ குழியையே மறந்து, கெட்டியான கோளத்தின் சூத்திரத்தைப் போட்டிருந்தது.

அதைத் தயாரித்தவர் தலைமைத் தேர்வாளர். கடைகளில் அடுக்கி விற்கும் தேர்வு வழிகாட்டியின் ஆசிரியரும் அவரே. எல்லாரும் கைடுக்காரர் என்றுதான் சொல்வார்கள். டீச்சர் எழுந்து போய் அவர் முன்னால் தாளை வைத்தார்.

"சார், இந்தக் கோளத்துக்குள்ள குழி இருக்கு."

"இருக்கட்டுமேம்மா. கூடுன்னா உள்ளே சுழி, திண்மம்னா ஆரத்துக்கு நேர்விகிதம். முப்பது வருஷமா இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன்."

"சரி, உங்க கணக்குப்படியே போவோம். பத்து சென்டிமீட்டருக்குள்ள எவ்வளவு மின்னூட்டம் வருது?"

கைடுக்காரர் கால்குலேட்டரைத் தட்டினார். "0.875."

"அந்தப் பத்துக்குள்ள என்ன சார் இருக்கு?"

"காத்து."

"அங்க புலம் சுழின்னு நீங்களே மேல போட்டிருக்கீங்க. அப்புறம் காத்துக்கு 0.875 யார் குடுத்தது?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார். கைடுக்காரருக்கு முகம் கறுத்தது.

"அங்கீகாரம் வாங்கின குறிப்பும்மா இது. என் புத்தகத்துலயும் இதான் இருக்கு. மூணு பதிப்பு வந்தாச்சு!"

"மூணு பதிப்பு போட்டா குழி நிரம்பிடுமா சார்?"

டீச்சர் தன் விடைத்தாள் கட்டின் மேல் கையெழுத்துப் போட மறுத்தார். மாலைக்குள் விஷயம் மேலே போய், ஒரு குழு கூடியது. தலைமை தாங்கிய அதிகாரி வரலாறு படித்தவர். மின்பாயத்தைப் பற்றி இரண்டு பேர் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இரண்டுக்கும் சராசரி போட்டா யாருக்கும் மனக்கசப்பு இருக்காதே?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் உண்மையிலேயே 1066 என்று குறித்துக்கொண்டார்.

முடிவில் சுற்றறிக்கை வந்தது: 1181 சரியான விடை. 950 என எழுதியோருக்கும் கருணை அடிப்படையில் முழு மதிப்பெண் வழங்கலாம்.

"பார்த்தீங்களா, ஜெயிச்சுட்டீங்க அக்கா!" என்றார் மின்னல்.

"கருணையா? சரியா எழுதின பிள்ளைக்குக் கருணையா?" என்றார் டீச்சர். ஆனாலும் முடித்த கட்டுகளைத் திரும்பப் பிரிக்கும்படி அவரே சண்டை போட்டார். மின்னல் முடித்த தாள்களில் மட்டும் பதினொரு சரியான விடைகள் சுழி வாங்கியிருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் திருத்தினார். பத்தாவது தாளுக்கு வரும்போது அவருக்கே அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வெட்கம்.

அடுத்த மாதம் வழிகாட்டியின் நான்காம் பதிப்பு வந்தது. 1181 அப்படியே நின்றது. அதன் கீழே 'மாற்று முறை' என்று தலைப்பிட்டு 950. முன்னுரையில் ஆசிரியரின் நீண்ட ஆய்வுக்கு நன்றி சொல்லப்பட்டிருந்தது, ஆசிரியராலேயே.

மறு வருடம் டீச்சரைத் திருத்தக் கூப்பிடவில்லை. 1181 என்ற விடையை ரத்து செய்யக் கேட்டு அவர் தேர்வுத் துறைக்குக் கடிதம் போட்டார். கடிதம் கிடைக்கப்பெற்றது என்று ஒரு வரி பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தைப் படம் வரைந்து அனுப்பினார், குழியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு.