இருபத்தெட்டு பாயின்ட்

டாக்ஸிக்காரருக்குத் தூக்கம் என்பது அந்த நாட்களில் சிவப்பு சிக்னலில் கிடைக்கும் ஒரு பண்டம். முன்பெல்லாம் பகல் ஓட்டம் இவர், இரவு ஓட்டம் தம்பி. ஒரே வண்டி, ரெண்டு ஆள். தம்பி ஒருநாள் கண்ணயர்ந்து வண்டியைத் தூணில் இடித்துவிட, "இனிமே ஸ்டீயரிங்கைத் தொட்டே, கையை ஒடிப்பேன்" என்று இவர் கத்த, அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான். போனையும் அணைத்துவிட்டான். இருக்கிறானா, சாப்பிட்டானா, ஒன்றும் தெரியாது. இப்போது ரெண்டு ஓட்டமும் இவருக்கு. போதாக்குறைக்கு, அவனை விரட்டிய கோபத்தில் வீட்டில் மனைவி பேசுவதில்லை, பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

அன்று ஸ்டாண்டில் கண் சொருகிக் கிடந்தபோது போன் சிணுங்கியது. பெட்ரோல் பங்க்கின் மெசேஜ், டீசல் போடும்போதெல்லாம் சேரும் பரிசுப் பாயின்ட் பற்றி. "பைபாஸ் பங்க் விற்பனைக்காக உங்கள் கணக்கில் 28 பாயின்ட் சேர்க்கப்பட்டது. மொத்தம் 1,340."

டாக்ஸிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பைபாஸ் பக்கம் அவர் போய் மாதங்கள் ஆகின்றன. முன்னொரு தடவை 'பரிசு காத்திருக்கிறது' என்று வந்த லிங்க்கைத் தட்டி, பரிசும் போய் இருந்ததும் போன ஆள் அவர். சூடு கண்ட பூனையாக, நேரே வழக்கமான பங்க்குக்கே வண்டியை விட்டார்.

டீசல் பம்ப்பில் நின்ற பெண் மெசேஜை வாங்கிப் பார்த்தாள்.

"என்னண்ணே, முகம் ஏன் இப்படி இருக்கு? தூங்கவே இல்லையா?"

"தூங்கறதெல்லாம் பணக்காரங்க பொழப்பு. இது திருட்டு மெசேஜான்னு சொல்லு தங்கச்சி."

"திருட்டு மெசேஜ்னா லிங்க் இருக்கும், இன்னிக்கே பாயின்ட் போயிடும்னு அவசரப்படுத்தும். இதுல ரெண்டும் இல்ல. இருங்க." அவள் கார்டு மெஷினில் அவருடைய போன் நம்பரை அடித்தாள். சின்னச் சீட்டு ஒன்று நாக்கை நீட்டியது. "மொத்தம் ஆயிரத்து முந்நூத்து நாப்பது. மெசேஜ்ல இருக்கறதுதான். நிஜமாவே ஏறியிருக்கு."

"நான் போடலியே! யாரோ என் கணக்குல புகுந்துட்டானா?"

"உங்க கணக்குல புகுந்து உங்களுக்கே பாயின்ட் வச்சிட்டுப் போற திருடன் எங்கண்ணே இருக்கான்? இருந்தா என் வீட்டுக்கும் அனுப்புங்க." அவள் சிரித்தாள். "பில் போடறப்ப யார் உங்க நம்பரைச் சொன்னாலும் பாயின்ட் உங்களுக்குத்தான் ஏறும். எடுக்கறதுதான் கஷ்டம். அதுக்கு உங்க போனுக்கு ஓடிபி வரும், அதை நீங்க சொல்லணும். யாருக்கும் சொல்லிடாதீங்க, அவ்ளோதான்."

"அப்ப யார் சொன்னது?"

"லிட்டருக்கு ஒரு பாயின்ட். இருபத்தெட்டு லிட்டர் போட்டிருக்காங்க. பைக் இல்ல, கார். ஏதாவது ஒரு இலக்கத்தை மாத்திச் சொல்லியிருப்பாங்க. கஸ்டமர் கேர்ல புகார் கொடுத்தா எடுத்துடுவாங்க."

அந்த நம்பரை இத்தனை வருஷமும் பங்க்கில் சொன்னவர்கள் ரெண்டே பேர். பகலில் ஒருவர், இரவில் ஒருவர். டாக்ஸிக்காரர் டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் இருந்த மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, அந்த பங்க்ல உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது…"

"அதுவும் எங்க முதலாளியோடதுதான்." அவர் முகத்தைப் பார்த்து அதற்குமேல் கேட்காமல், அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, அந்த இருபத்தெட்டு லிட்டர் பில்லைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு கேஷியரின் குரல், வியாபாரச் சத்தத்தின் நடுவே.

"ஆமா, இருபத்தெட்டு லிட்டர், டாக்ஸிதான். நம்பர் அடிச்சதும் மெஷின்ல ஒரு பேர் வந்துச்சு. இது நீங்களான்னு கேட்டேன். 'இல்ல, எங்க அண்ணன்'னாரு. உங்களுக்குன்னு தனியா ஒரு கணக்கு தொடங்கிடவா, சும்மாதான்னு சொன்னேன். 'வேண்டாம் சார், இருக்கறதுலயே ஏறட்டும்'னுட்டுப் போயிட்டாரு. புதுசா சேர்ந்த கம்பெனி வண்டி போல. ஷிப்ட் முடிஞ்சதும் இங்கதான் டேங்க் நிரப்பி ஒப்படைக்கணுமாம். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் டாக்ஸிக்காரர். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

பம்ப்பில் நின்ற பெண் வேறு பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த டேங்க் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எடுத்தாள், பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"உன் கொழுந்தன் நல்லா இருக்கான்."

"…யார் சொன்னா?"

"டீசல் போட்டிருக்கான். ஃபுல் டேங்க்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு ஒரு மாதத்துப் பேச்சும் சேர்ந்து வந்தது. "போய்ப் பாருங்க. பார்த்ததும் வாயைத் திறந்து திட்டித் தொலைச்சிடாதீங்க. நீங்கதான் மன்னிப்புக் கேட்கணும், அவர் இல்ல."

"நானா? தூணை இடிச்சது அவன்."

"தூண் கிட்டயும் அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல அவர்கிட்ட."

சவாரி ஒன்று வந்து போன் அலறியது. விமான நிலையம், நல்ல ஓட்டம். டாக்ஸிக்காரர் வேண்டாம் என்று அழுத்தினார். நேரே பைபாஸ் பங்க்குக்குப் போய், டேங்க் நிரப்ப வரும் வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்திக்கொண்டார். சீட்டைச் சாய்க்கவில்லை. சாய்த்தால் தூங்கிவிடுவோம் என்று பயம். உள்ளே வரும் ஒவ்வொரு டாக்ஸியைப் பார்த்தும் தன் கதவைத் திறந்து இறங்கினார். அவன் இல்லை என்று தெரிந்ததும், கால் மரத்துவிட்டதால் இறங்கியதுபோல நாலடி நடந்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். மன்னிப்பை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தார். "டேய்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை.