நாலாவது சைலோ தட்டுகிறது

தானியக் கிடங்கின் வாசலில் லாரிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நின்றன. ஓட்டுநர்கள் டயர் நிழலில் குந்திக்கொண்டு, இன்றைக்கு லோடு கிடைக்குமா கிடைக்காதா என்று பேசிப் பேசி அலுத்துப்போயிருந்தார்கள். உள்ளே நாலு இரும்பு உருளைகள் மேகத்தை முட்டுகிற மாதிரி நின்றன. சைலோ என்பார்கள். உச்சியில் சோளத்தைக் கொட்டுவார்கள்; அடிவாயைத் திறந்தால் அது பெல்ட்டில் இறங்கி லாரிக்குப் போகும். அந்த அடிவாயைத் திறக்கிற பொத்தான்கள் இருக்கும் பேனல் ரூமுக்குள்தான் ஒரு மனுஷர் காலையிலிருந்து தன்னைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அவரை வெளியே கொண்டுவர வந்தவளுக்குப் போலீசில் பேச்சுக்காரி என்று பெயர். மொட்டைமாடி விளிம்பில் நிற்கிறவன், பெண்டாட்டி கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறவன், எல்லாரிடமும் அவள்தான் போவாள். பெயர்தான் பேச்சுக்காரி. வேலையில் முக்கால்வாசி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். அவளோடு எப்போதும் ஒரு ஏட்டு வருவார். சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் அவருக்கு மைக்செட் என்று பட்டப்பெயர். அப்பேர்ப்பட்டவருக்கு இந்த வேலையில் ஒரு சத்தமும் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற பொறுப்பு. அவள் அவசரப்பட்டால் அவள் மணிக்கட்டில் ஒரு விரலை வைப்பார். பொறு என்று அர்த்தம்.

மேனேஜர் வேர்த்து வழிந்துகொண்டு விவரம் சொன்னார். உள்ளே இருப்பவர் பழைய ஆள், நல்ல ஆள்தான். போன வருஷம் அவருடைய கூட்டாளி நாலாவது சைலோவுக்குள் விழுந்து சோளத்தில் மூழ்கிச் செத்துப்போனான். அதிலிருந்தே மனுஷருக்கு மண்டை சரியில்லை. இன்றைக்கு ஷிப்ட் மாறி வந்ததும் மிஷினைப் போட்டார், நிறுத்தினார், போட்டார், நிறுத்தினார், அப்புறம் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். கையில் தீப்பெட்டி இருக்கிறது. யாராவது உள்ளே வந்தால் ஒரு உயிர் போகும் என்கிறார். இங்கே பறக்கிற தூசியில் ஒரு குச்சியைக் கிழித்தால் போதும், கிடங்கே வெடித்துவிடும்.

"சைலோக்குள்ள ஆள் யாராச்சும் இருக்காங்களா?" என்று அவள் கேட்டாள்.

ஒருத்தரும் இல்லை, வந்தவர்கள் எல்லாரையும் எண்ணியாயிற்று என்றார் மேனேஜர். எலக்ட்ரீசியன் பேனலைத் தொடாமலே மிஷின் ஓடும்படி அடியில் இருக்கிற மின்பெட்டியிலிருந்து நேரடியாக லைன் கொடுத்துக்கொண்டிருக்கிறானாம். மிஷின் ஓடி, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் கிழவர் தானாக வந்துவிடுவார் என்பது மேனேஜரின் கணக்கு.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது," என்றாள். மேனேஜர் தலையை ஆட்டினார். ஆட்டின விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பேனல் ரூம் நாலாவது சைலோவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவுக் கண்ணாடி முழுக்க மஞ்சள் தூசி. உள்ளே ஒரு உருவம் சுவரோடு காதை வைத்துக்கொண்டு நிற்பது மட்டும் நிழலாகத் தெரிந்தது. சுவரில் பேசுவதற்கு ஒரு பெட்டி. எல்லா மிஷினும் நின்றுபோயிருந்ததால் அந்த இடமே கிணற்றின் அடி மாதிரி இருந்தது. வெயிலில் இரும்பு முறுகுகிற சத்தம் மட்டும் மேலே எங்கேயோ கேட்டது.

அவள் பொத்தானை அழுத்தி, தான் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்று சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வந்தது. "யாரும் உள்ள வராதீங்கம்மா. வந்தா ஒரு உயிர் போயிடும்."

மேனேஜர் காதில் போட்டது அவளுக்குள் முந்திக்கொண்டது. "யாரும் வரமாட்டாங்க அண்ணே, நீங்க பயப்படாம தீப்பெட்டியக் கீழ வச்சிடுங்க," என்றாள். சொன்ன மாத்திரத்தில் தப்பு என்று தெரிந்துவிட்டது. பெட்டி ஊமையாகிவிட்டது. அவர் சொன்னதை விட்டுவிட்டு, ஊரார் சொன்னதற்கு அவள் பதில் சொல்லியிருந்தாள். மைக்செட் அவள் மணிக்கட்டில் விரலை வைத்தார்.

அவள் மூச்சை விட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். குரலைத் தாழ்த்தி, அவருடைய வார்த்தையையே எடுத்து மெதுவாக அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரு உயிர் போயிடும்..."

அவ்வளவுதான். அப்புறம் பேசவில்லை. இந்த வேலையில் கஷ்டமான இடம் இதுதான். எதிராளி சொன்னதன் வாலை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எப்படி, ஏன் என்று கேட்டால் அவர் காரணம் தேட ஆரம்பித்துவிடுவார், இல்லாவிட்டால் முறைத்துக்கொள்வார். சும்மா இருந்தால் அந்தக் காலி இடத்தை அவரே நிரப்புவார். ஆனால் நாக்கு சும்மா இருக்காது, நமநமக்கும்.

"ஆமா. அவன் போயிடுவான்," என்றது குரல். "மிஷினப் போட்டா அவன் இன்னும் கீழ போயிடுவான்."

மைக்செட்டின் புருவம் ஏறியது. மிரட்டல் என்று நினைத்தது மிரட்டலே இல்லை. மனுஷர் எதையோ காவல் காத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் கீழ..."

"நான் மிஷினப் போட்டேம்மா. உடனே தட்டினான். நிறுத்தினேன், அவனும் நிறுத்திட்டான். மறுபடியும் போட்டேன், மறுபடியும் தட்டினான்."

"தட்டினான்..."

"என் கூட்டாளிதான். நம்ப மாட்டீங்க. யாரும் நம்பல."

இங்கே இரண்டு குழிகள் உண்டு. அப்படி யாரும் இல்லை அண்ணே என்றால் கதவு நிரந்தரமாக மூடிக்கொள்ளும். ஆமாம், கூட்டாளிதான் என்றால் அது பொய்; பொய் என்றைக்காவது பல்லைக் காட்டும். அவள் இரண்டிலும் விழவில்லை.

"யாரும் நம்பல," என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் தடவை மௌனம் நீண்டது. அவள் முதுகுக்குப் பின்னால், இரும்புக்குள், யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். டொக். டொக். டொக். அவள் திரும்பி மைக்செட்டைப் பார்த்தாள். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெயில், இரும்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிடரி மயிர் அதைக் கேட்கவில்லை.

"கேட்டுச்சாம்மா?" என்றது பெட்டி.

"ஒரு சத்தம் கேட்டுச்சு அண்ணே," என்றாள். அது உண்மை.

முதல் தடவையாக ஒருத்தர் தன் காதை நம்பினார் என்றதும் கிழவர் அவிழ்ந்தார். கூட்டாளி எப்படிச் சிரிப்பான், பீடியை எப்படிப் பாதியில் அணைத்துக் காதில் சொருகிக்கொள்வான் என்றெல்லாம் சொன்னார். கையில் இருக்கிற தீப்பெட்டியே அவனுடையதுதானாம், ஒரு குச்சிகூடக் கிடையாதாம். அவள் நடுவில் ஒரு வார்த்தையும் போடவில்லை. அவர் நின்ற இடத்தில் மட்டும் கடைசி வார்த்தையைத் தொட்டுக்கொடுத்தாள்.

அப்போது மேனேஜர் பூனை நடை நடந்து வந்து, லைன் தயார், போட்டுவிடலாமா என்று காதில் கேட்டார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். லாரிக்காரர்கள் கத்துகிறார்கள் மேடம் என்று ஆரம்பித்தார். மைக்செட் ஒன்றும் பேசாமல் எழுந்து அவர் முன்னால் சுவராக நின்றார்.

பெட்டியில் குரல் இறங்கியிருந்தது. "சாம்பிள் எடுக்கிற குழாய் இந்த ரூமுக்குள்ள வருதும்மா, மேலேர்ந்து. அதுல காது வச்சா உள்ள நடக்கிறது கேக்கும். பாவி, காலைலேர்ந்து இருமிக்கிட்டே இருக்கான்."

அவள் குரலை அசைய விடவில்லை.

"இருமிக்கிட்டே..."

ஒன்றுமில்லை. பெட்டியில் மூச்சு மட்டும் கேட்டது. பேசு பேசு என்று நாக்கு குத்தியது. வேறே யாராவது உள்ளே இருக்கலாமே என்று அவளே சொல்லியிருக்கலாம். சொன்னால் அது அவள் பேச்சாகிவிடும், மனுஷர் எதிர்த்து வாதாடுவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்ட மாதிரி கிழவர் மெல்லக் கேட்டார். "செத்தவன் ஏன்மா இருமணும்?"

அவள் அப்போதும் பேசவில்லை.

"கூட்டாளிக்கு இருமலே கிடையாது," என்றார். "இது வேற ஆளு. அய்யோ, இது உசிரோட இருக்கிற ஆளு."

தாழ் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது தூசியில் நனைந்த மாதிரி நின்ற கிழவரின் முகத்தில் இரண்டு கண் மட்டும்தான் இருந்தது. தீப்பெட்டியை அவள் கையில் வைத்தார். காலி. பேச்சுக்காரி குழாயில் காதை வைத்தாள். தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு இருமல்.

அப்புறம் எல்லாம் ஒரே ஓட்டம். எலக்ட்ரீசியன் கொடுத்த லைனை அவனையே பிடுங்க வைத்து, அந்த மின்பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மைக்செட் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தீயணைப்பு ஆட்கள் உச்சி வழியாகக் கயிற்றில் இறங்கினார்கள். கழுத்து வரை சோளத்தில் புதைந்து ஒருத்தன் இருந்தான். கயிறு கட்டி இழுத்தால் ஆளே பிய்ந்துவிடுவான், சோளத்தின் பிடி அப்படி. அவனைச் சுற்றித் தகடுகளை இறக்கி வேலி கட்டி, அதற்குள் இருக்கிற சோளத்தை மட்டும் அள்ளி அள்ளி வெளியே போட்டு, மெல்ல மெல்ல விடுவித்தார்கள். அடிவாய் இன்னும் ஒரு தடவை திறந்திருந்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் உள்ளே போயிருப்பான்.

ஷிப்ட் மாறுவதற்கு முன்னால், விடிகாலையில் வாசலில் நின்ற கூலி ஆள் அவன். சுவரில் ஒட்டின சோளக் கட்டியைத் தட்டிவிட வேண்டுமென்று ஃபோர்மேன் கூப்பிட்டு, பெயர்கூடக் கேட்காமல் உள்ளே இறக்கியிருக்கிறார். கட்டி சரிந்து ஆளை அமுக்கிவிட்டது. ஷிப்ட் முடிந்து ஃபோர்மேன் மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். எண்ணிக்கையில் இல்லாதவனை யார் தேடுவார்கள்? மேனேஜர் லாரி மறைவில் போய் வாந்தி எடுத்தார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவன் பக்கத்தில் பேச்சுக்காரி குனிந்தாள். உன் தட்டல்தானப்பா உன்னைக் காப்பாற்றியது என்று தைரியம் சொன்னாள்.

அவன் ஆக்சிஜன் மூடியை விலக்கினான். "நான் தட்டலக்கா. கை ரெண்டும் உள்ள மாட்டிக்கிச்சு. கத்திக் கத்திக் குரலும் போயிருச்சு, இருமல்தான் வந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "தூங்கிருவேன்னு நெனச்சப்பல்லாம் யாரோ பக்கத்துல தட்டினாங்க. அதான் முழிச்சிருந்தேன்."

வண்டிக் கதவு மூடிக்கொண்டது.

கிழவர் அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. லாரிக்காரர்கள் கலைந்துபோயிருந்தார்கள், மிஷின் ஒன்றும் ஓடவில்லை. அந்த இரும்பு நிழல் மூன்று பேர் மேலும் விழுந்திருந்தது.

"அவன் தட்டலையாம்மா?" என்றார் கிழவர்.

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தட்டலையா என்று அவர் வார்த்தையை அவரிடமே கொடுத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். மீதியை மௌனம் பார்த்துக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் அது அவளைக் கைவிட்டதே இல்லை.

"வாங்க அண்ணே, வீட்ல தேடுவாங்க," என்று அவள் ஆரம்பித்தாள். "ஜீப்லயே விட்டுடறோம். சாப்பிட்டீங்களா? காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. வழியில நல்ல கடை ஒண்ணு இருக்கு, இந்த ஏட்டய்யாவ இறக்கிவிட்டா கடைய காலி பண்ணிடுவாரு..."

பேசிக்கொண்டே நடந்தாள். மூச்சு விடக்கூட இடம் வைக்கவில்லை. மைக்செட் பழக்கத்தில் அவள் மணிக்கட்டில் விரலை வைத்தார். அவள் கையை உதறிக்கொண்டு பேசினாள். ஜீப் கிளம்பி எஞ்சின் சத்தம் காதை அடைக்கும் வரைக்கும் அவள் நிறுத்தவே இல்லை.